தண்டுத் திருத்தம்

கண்ணாடி வெப்பமானியின் குமிழ் சூடான திரவத்துக்குள் இருக்கும். தண்டின் மேல்பகுதி பெரும்பாலும் வெளிக்காற்றில் நிற்கும். குமிழும் வெளியே நிற்கும் திரவ நிரலும் ஒரே வெப்பநிலையில் இல்லாததால் அளவு பிசகுகிறது. அந்தப் பிசகைச் சரிசெய்யும் கணக்குக்குத் தண்டுத் திருத்தம் என்று பெயர். அதைப் போட வேண்டுமா என்பது வெப்பமானி எந்த வகை என்பதைப் பொறுத்தது.

முழு அமிழ்வு வெப்பமானியைத் தரம் பார்க்கும்போது, திரவ நிரலின் முனை மட்டும் வாசிக்கத் தெரியும்படி விட்டு, மற்றதை எல்லாம் அமிழ்த்துகிறார்கள். பகுதி அமிழ்வு வெப்பமானியில் தண்டைச் சுற்றி ஒரு கோடு இருக்கும். குமிழின் அடியிலிருந்து பெரும்பாலும் 76 மி.மீ. உயரத்தில் அது பொறிக்கப்பட்டிருக்கும். அதுவரைதான் அமிழ்த்த வேண்டும். கோடு இல்லாத வெப்பமானியைப் பொதுவாக முழு அமிழ்வு வகை என்று கொள்ளலாம். ஆனாலும் தண்டின் பின்புறத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை திருப்பிப் பார்த்துவிடுவது நல்லது.

திருத்தத்தின் சூத்திரம் எளியது:

C = k × n × (T − t)

இதில் n என்பது வெளியே நிற்கும் நிரல் எத்தனை டிகிரி நீளம் என்பது. T குமிழின் வெப்பநிலை, t வெளி நிரலின் சராசரி வெப்பநிலை. k என்பது கண்ணாடியைவிடத் திரவம் எவ்வளவு அதிகம் விரிகிறது என்பதைச் சொல்லும் எண். பாதரசத்துக்கு இது 0.00016. சிவப்புச் சாயம் கலந்த ஸ்பிரிட் வகைத் திரவங்களுக்குச் சுமார் 0.001, அதாவது ஆறு மடங்கு. இந்த ஆறு மடங்கைப் பலர் கவனிப்பதில்லை.

பால்பண்ணை ஆய்வகங்களில் கொழுப்பை அளக்கும் கெர்பர் சோதனையையே உதாரணமாகக் கொள்வோம். பாலும் அமிலமும் கலந்த பியூட்டிரோமீட்டர்களை 65 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வைக்க வேண்டும். இரண்டு டிகிரி கூடலாம், குறையலாம். தொட்டியில் செருகிய முழு அமிழ்வு வெப்பமானி 15 டிகிரி கோடு வரை நீருக்குள் இருக்கிறது, 65 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே நிற்பது 50 டிகிரி நீளம். அதன் சராசரி வெப்பநிலை 40. பாதரசமானால் திருத்தம் 0.00016 × 50 × 25, அதாவது 0.2 டிகிரி. இதைப் பொருட்படுத்தத் தேவையில்லை. ஸ்பிரிட்டானால் அதே கணக்கு 1.25 டிகிரியில் வந்து நிற்கிறது. தொட்டியின் உண்மையான வெப்பம் 66.25. அனுமதித்த இரண்டு டிகிரியில் பாதிக்கு மேல் வெப்பமானியே தின்றுவிட்டது. பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018இல் ஏற்றது. பாதரசம் போய் ஸ்பிரிட் வரும் ஆய்வகங்கள் பழைய பழக்கத்தை அப்படியே தொடர்ந்தால் இந்தப் பிழையும் கூடவே வந்துவிடும்.

சூடு ஏற ஏறப் பாதரசமும் தப்பாது. எண்ணெய்த் தொட்டியில் 60 டிகிரி கோடு வரை அமிழ்ந்து 200 காட்டும் பாதரச வெப்பமானியின் வெளி நிரல் 60 டிகிரியில் இருந்தால், உண்மை வெப்பம் 203.1. திருத்தம் இவ்வளவு பெரிதானால், 203.1ஐ T-யாக வைத்து இன்னொரு முறை கணக்கிட வேண்டும், அப்போது 203.2 கிடைக்கும்.

இந்தக் கணக்கில் சங்கடமானது t-தான். வெளி நிரலின் நடுவே ஒரு சிறு வெப்பமானியின் குமிழை ஒட்டிக் கட்டி அதை அளப்பது வழக்கம். அறை வெப்பநிலையையே t என்று எடுத்துக்கொண்டால் திருத்தம் அளவுக்கு மீறிப் போகும். தொட்டியிலிருந்து எழும் சூடு தண்டையும் தொட்டுக்கொண்டுதான் இருக்கும்.

பகுதி அமிழ்வு வகைக்குத் திருத்தமே வேண்டாம் என்ற நம்பிக்கை பாதிதான் சரி. தண்டு குறிப்பிட்ட ஒரு வெப்பநிலையில் இருக்கும்போது அதற்கு அளவு குறிக்கப்படுகிறது. சான்றிதழில் அது 30 டிகிரி என்று இருக்க, கும்மிடிப்பூண்டி ஆலைக் கொட்டகையில் தொட்டிக்கு மேலே தண்டு 50 டிகிரியில் நின்றால், 150 காட்டும் பாதரச வெப்பமானி சுமார் அரை டிகிரி கூடுதலாகச் சொல்லும். பகுதி வகையைக் கோட்டுக்கு மேலும் அமிழ்த்தினால் அளவு இன்னும் கூடும்.

சந்தேகம் வந்தால் சோதிக்க எளிய வழி உண்டு. வெப்பம் மாறாத, நன்றாகக் கலக்கப்படும் தொட்டியில் வெப்பமானியை மெல்லக் கீழே இறக்கிப் பார்க்க வேண்டும். ஆழம் கூடக் கூட அளவும் ஏறினால் பிழை வெளி நிரலில் இருக்கிறது. அறையைவிடக் குளிர்ந்த தொட்டியானால் அளவு இறங்கும்.

இந்தப் பிழையைத் தெரிந்தே விட்டுவைத்த துறையும் உண்டு. மணலி போன்ற சுத்திகரிப்பு ஆலைகளில் பெட்ரோல், டீசலின் கொதிநிலை வரம்பைப் பார்க்கும் ஏ.எஸ்.டி.எம். டி86 சோதனையில், முழு அமிழ்வு வெப்பமானியின் குமிழ் மட்டும் குடுவைக் கழுத்தில் இருக்கும். தண்டு வெளியே நிற்கும். 300 டிகிரியில் பிழை 12 டிகிரியைத் தாண்டும். ஆனால் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த அளவுகள் எல்லாம் திருத்தாத அளவுகள். அதனால், தானியங்கிக் கருவிகளின் மின்னணு உணரிகளும் அதே பிழையோடு காட்டும்படி அமைக்கப்பட வேண்டும் என்று அந்தத் தரநிலை கேட்கிறது.