லில்லியின் முதுகிலிருந்து போடி மைதானத்துக்கு: ஓவர் வரம்பு வந்த வழி

பதினைந்து வயதுக்கு உட்பட்ட வேகப்பந்து வீச்சாளன் ஒரு ஸ்பெல்லில் 6 ஓவர், ஒரு நாளில் 12 ஓவர். பதினேழுக்கு உட்பட்டவன் ஸ்பெல்லுக்கு 7, நாளுக்கு 18. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் வகுத்த வரம்பு இது. ஸ்டம்பை விட்டுப் பின்னால் தள்ளி நின்றுதான் கீப்பர் பிடிக்க வேண்டும் என்ற அளவுக்கு வேகமாகப் போடும் பையன் எல்லாரும் இதற்குள் அடக்கம். போடியில் கோச்சுகளிடம் இதைச் சொன்னால் முதலில் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "நல்லா போட்டுக்கிட்டு இருக்கிற பையன எதுக்கு சார் நிறுத்தணும்?" நியாயமான கேள்வி. பதில் சொல்ல, இந்த எண்கள் எங்கே பிறந்தன என்று பார்க்க வேண்டும்.

1973-ல் ஆஸ்திரேலிய அணி மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனது. அணியின் அதிவேக வீச்சாளர் டென்னிஸ் லில்லிக்கு அப்போது வயது 23. அந்தச் சுற்றுப்பயணத்தில் கீழ்முதுகு எலும்பில் விரிசல் கண்டுபிடிக்கப்பட்டது. முதுகைச் சுற்றி மாவுக்கட்டு போட்டார்கள். அவர் கதை முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள். பெர்த்தில் ஃபிராங்க் பைக் என்ற உடற்பயிற்சி அறிஞர் அவரைப் படிப்படியாகத் தேற்றினார். 1974 கடைசியில் லில்லி டெஸ்டுக்குத் திரும்பினார், 355 விக்கெட்டுகளோடு ஓய்வு பெற்றார்.

அந்த முதுகு பெர்த்தில் இருந்த ஆராய்ச்சியாளர்களை விடவில்லை. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் டேரில் ஃபாஸ்டர், புரூஸ் எலியட் முதலானோர் 82 இளம் வேகப்பந்து வீச்சாளர்களை ஒரு சீசன் முழுக்கக் கவனித்து, 1989-ல் முடிவை வெளியிட்டார்கள். பையன்களின் சராசரி வயது 17-க்குச் சற்றுக் குறைவு. ஒரே சீசனில் நூற்றுக்கு 11 பேருக்கு முதுகெலும்பில் விரிசல் விழுந்தது. இன்னும் 27 பேருக்கு முதுகுத் தசையிலோ தசைநாரிலோ காயம். ஓவரைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற பேச்சுக்கு ஆதாரம் கிடைத்தது இங்கேதான்.

எலும்பு ஏன் விரிகிறது? வேகமாக ஓடிவந்து முன்காலை ஊன்றும் நொடியில் தரையிலிருந்து உடல் எடையைப் போல ஐந்து மடங்கு, சிலருக்கு அதற்கும் மேல், விசை மேலேறுகிறது. அதே நொடியில் உடம்பு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, திரும்பவும் செய்கிறது. மூன்றும் சேர்ந்து, கீழ்முதுகின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளின் பின்பக்கத்தில் மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் இணைக்கும் மெல்லிய எலும்புத் துண்டை நசுக்குகின்றன. வலக்கைப் பையனுக்கு அநேகமாக இடப்பக்கம்தான் போகும். உடம்பிலேயே தாமதமாக முற்றும் எலும்புகளில் கீழ்முதுகும் ஒன்று. பதினாறு வயதில் ஆறடி வளர்ந்து நிற்பவனைப் பார்த்து ஆள் தயார் என்று நினைக்கிறோம். அந்த உயரத்துக்கு ஏற்ற வலு அவன் முதுகில் வர இன்னும் சில வருஷம் ஆகும்.

பாரம் ஏறினால் எலும்பு தன்னை வலுப்படுத்திக்கொள்ளும் என்பதும் உண்மை. ஆனால் அது நடக்கும் வரிசையைக் கோச் தெரிந்துகொள்ள வேண்டும். போடிமெட்டு மலைப்பாதையை அகலப்படுத்தும்போது பார்த்திருப்பீர்கள். முதலில் பழைய ரோட்டைத் தோண்டிப் போடுகிறார்கள், பிறகுதான் புதுசு போடுகிறார்கள். இடைப்பட்ட நாட்களில் மிச்சமிருக்கும் ஒற்றைப் பாதை எல்லா லாரியையும் தாங்கியாக வேண்டும். எலும்பும் நைந்த பகுதியை முதலில் அரித்து எடுத்துவிட்டுத்தான் புது எலும்பை நிரப்புகிறது. எடுப்பது சீக்கிரம் முடியும். நிரப்பி முற்ற வாரங்கள், மாதங்கள் ஆகும். அதிகம் போட்ட வாரத்தில் பையன் சிரித்துக்கொண்டே போட்டுவிட்டு, மூன்று நான்கு வாரம் கழித்து, இரண்டே ஓவர் போட்ட நாளில் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்வது இதனால்தான். ஜான் ஆர்ச்சர்டும் அவர் கூட்டாளிகளும் ஆஸ்திரேலிய முதல்தர வீச்சாளர்களை ஆராய்ந்து 2009-ல் இதையே சொன்னார்கள்: ஒரே ஆட்டத்தில் 50 ஓவருக்கு மேல் போட்டவருக்கு அடுத்த மூன்று வாரத்துக்குக் காய ஆபத்து கூடுகிறது.

இதற்கு உலகறிந்த உதாரணம் பேட் கம்மின்ஸ். 2011 மார்ச்சில், 17 வயதில், ஷெஃபீல்டு ஷீல்டு இறுதி ஆட்டத்தில் 65 ஓவர் போட்டார். அதே வருஷம் நவம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் முதல் டெஸ்ட். இரண்டாம் இன்னிங்ஸில் 6 விக்கெட், ஆட்ட நாயகன் விருது. அடுத்த டெஸ்ட் 2017 மார்ச்சில், ராஞ்சியில். இடையில் போன ஐந்தேகால் வருஷத்தைக் குதிகாலும் முதுகு விரிசல்களும் மாறி மாறித் தின்றன. 65 ஓவர்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் 17 வயது முதுகில் அதை ஏற்றலாமா என்ற கேள்வி அப்போதிருந்தே ஆஸ்திரேலியாவில் ஓயவில்லை. நம் பக்கத்தில் எல். பாலாஜி. 2004 பாகிஸ்தான் பயணத்தில் நாடே கொண்டாடிய சென்னைப் பையன். 2005-ல் கடைசி டெஸ்ட் ஆடியபோது அவருக்கு 23 வயது. முதுகு எலும்பு விரிசல் அவரைப் பல சீசன்களுக்கு ஒதுக்கி வைத்தது. 2008-ல் ஐபிஎல்லின் முதல் ஹாட்ரிக்கை எடுத்துத் திரும்பினார். டெஸ்ட் தொப்பி மட்டும் திரும்பவில்லை.

லில்லியும் தமிழ்நாட்டுக்கு வந்தார். 1987-ல் சென்னையில் எம்.ஆர்.எஃப். பேஸ் பவுண்டேஷன் தொடங்கியபோது அதை வழிநடத்தியவர் அவர்தான். கால் நூற்றாண்டுக்குப் பிறகு அந்தப் பொறுப்பு கிளென் மெக்ராவிடம் போனது. உடைந்த முதுகைச் சரிசெய்து மீண்டும் வேகமாகப் போட்ட ஒருவர், ஆக்‌ஷனையும் உடம்பையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கத்தை இங்கே கொண்டுவந்து சேர்த்தார். சென்னை வரை அந்த அறிவு ஒழுங்காக வந்தது. அங்கிருந்து மதுரை, தேனி வழியாக போடி வருவதற்குள் பாதி உதிர்ந்துவிட்டது என்பது என் எண்ணம். ஸ்பெல்லுக்கு இத்தனை, நாளுக்கு இத்தனை என்ற எண் மட்டும் வந்து சேர்ந்தது. வாரக் கணக்கும் இடைவெளிக் கணக்கும் வழியிலேயே நின்றுபோயின.

இங்கே ஒரு பதினான்கு வயதுப் பையனின் வாரத்தை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்து விதிப்படி நெட்ஸில் வாரம் இரண்டு முறை, முறைக்கு 36 பந்து. சனிக்கிழமை ஆட்டத்தில் 12 ஓவர், அதாவது 72 பந்து. மொத்தம் 144. நிஜத்தில் நடப்பது வேறு. செவ்வாயும் வியாழனும் நெட்ஸில் ஒரு மணி நேரம் வரிசையில் வந்து வந்து போடுகிறான், 90 பந்து தாண்டும். சனிக்கிழமை 72. ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் டோர்னமென்ட், மூன்று ஆட்டம், ஆட்டத்துக்கு 2 ஓவர், அது 36. கூட்டினால் 288, வரம்பைப் போல இரண்டு மடங்கு. கோச்சின் ஸ்கோர் புத்தகத்தில் இருப்பதோ 72 மட்டும். கேட்டால், "பன்னெண்டு ஓவருக்கு மேல நான் குடுத்ததே இல்ல சார்" என்பார். பொய் சொல்லவில்லை அவர். டென்னிஸ் பந்து லேசானதுதான், ஆனால் முன்காலை ஊன்றும் வேகம் அதேதான். சிமென்ட் தளத்தின் மேல் மேட் விரித்த பிட்ச் என்றால் தரை கொஞ்சமும் இளகாது. சரிவை வெட்டி எடுத்த மைதானத்தில் ரன்-அப் இறக்கமாக இருந்தால் ஊன்றும் வேகம் இன்னும் கூடும். அப்படிப்பட்ட இடத்தில் பந்து வீசும் முனையையாவது மாற்றிக்கொள்ளுங்கள்.

இடைவெளியையும் பாருங்கள். ஏழு நாளில் நான்கு நாள் போட்டிருக்கிறான், கடைசி இரண்டும் அடுத்தடுத்த நாள். ரெபேக்கா டென்னிஸ் குழு 2005-ல் வெளியிட்ட ஆஸ்திரேலிய ஆய்வில் 44 சிறுவர்கள், சராசரி வயது 15-க்குக் கொஞ்சம் கீழே. பந்து வீச்சுகளுக்கு இடையில் சராசரியாக மூன்றரை நாளுக்கும் குறைவாக ஓய்வு கிடைத்தவர்களுக்குக் காய ஆபத்து மூன்று மடங்கு. சின்ன ஆய்வுதான், அதை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் இங்கிலாந்து வரம்பை அப்படியே கடைப்பிடித்து வாரம் மூன்று நாள் போட்டாலும் இந்த இடைவெளி கிடைக்காது என்பதைக் கவனியுங்கள். வரம்பு என்பது உச்சம், அங்கே தினமும் போய் நிற்க வேண்டும் என்று அர்த்தமில்லை.

ஓவர் குறைந்தால் நல்லது என்று நினைப்பதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. அதே குழு 2003-ல் முதல்தர வீச்சாளர்களை ஆராய்ந்தபோது, அடிக்கடி போட்டவர்களுக்கு மட்டுமல்ல, ஐந்து நாளுக்கு ஒருமுறைக்கும் குறைவாகப் போட்டவர்களுக்கும் ஆபத்து கூடியிருந்தது. நம் ஊரில் இது பரீட்சைக் காலத்தில் வந்து நிற்கும். பத்தாவதும் பிளஸ் டூவும் எழுதும் பையன் பிப்ரவரியில் பந்தைக் கீழே வைக்கிறான். ஏப்ரல் கடைசியில் கோடைக்கால முகாம், காலை மாலை இரு வேளையும் நெட்ஸ். இரண்டு மாதம் சும்மா இருந்த எலும்பின் மேல் ஒரே வாரத்தில் 300 பந்து. மே மாதக் கடைசியில் முதுகு வலி என்று வந்தால் ஆச்சரியப்பட ஏதுமில்லை.

இப்படிப்பட்டவனை நான் என்றால் முதல் வாரம் இரண்டு நாள், நாளுக்கு 24 பந்து, முக்கால் வேகத்தில் போட வைப்பேன். இரண்டாம் வாரம் இரண்டு நாள், 36. மூன்றாம் வாரம் மூன்று நாள், 36. நான்காம் வாரம்தான் ஆட்டம். நடுவில் ஒரு வாரம் தவறிப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடர்வேன், விட்டதைச் சேர்த்துப் போட விடமாட்டேன்.

வரம்பால் தடுக்க முடியாததும் உண்டு. இடுப்பு ஒரு திசையிலும் தோள் வேறு திசையிலும் திரும்பும் கலப்பு ஆக்‌ஷன் உள்ள பையனுக்கு 6 ஓவரே அதிகமாக இருக்கலாம். இரண்டு மாதத்தில் சட்டென்று உயர்ந்தவனுக்கும் அப்படியே. மாதம் ஒருமுறை சுவரில் உயரத்தைக் குறித்து வையுங்கள். ஏறும் மாதங்களில் பந்தைக் குறையுங்கள்.

வலி வந்தால் அடையாளம் தெளிவாக இருக்கும். கீழ்முதுகில் ஒரே பக்கம், பந்து போடும் கைக்கு எதிர்ப்பக்கம். போடப் போடக் கூடும், இரண்டு நாள் விட்டால் குறையும். அந்தப் பக்கத்துக் காலில் மட்டும் நிற்கச் சொல்லிப் பின்னால் வளையச் சொன்னால் சுரீர் என்று வலிக்கும். இப்படி ஒரு பையன் சொன்ன நிமிஷத்தில் பந்தை வாங்கி வைத்துவிட்டு எலும்பு மருத்துவரிடம் அனுப்புங்கள். ஆரம்ப விரிசல் எக்ஸ்ரேயில் பல சமயம் தெரியாது. எம்.ஆர்.ஐ.தான் காட்டும். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று அடுத்த சனிக்கிழமையே களத்தில் இறக்கிவிடாதீர்கள். சீக்கிரம் பிடித்தால் சில மாத ஓய்வில் எலும்பு கூடிவிடும். விட்டுவிட்டால் ஒரு சீசன் போகும், சில சமயம் கூடாமலே நின்றுவிடும்.

ஸ்கோர் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு வேகப்பந்துப் பையனுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். நெட்ஸ், ஆட்டம், டென்னிஸ் பால் மூன்றையும் பந்துக் கணக்கில் எழுதுங்கள். திங்கட்கிழமை அவன் வந்ததும் முதலில் கேளுங்கள்: "நேத்து எங்கடா ஆடுன, எத்தன ஓவர் போட்ட?"