லாரி வாடகை பில்லில் காத்திருப்பு: தனி வரியும் அதன் தொடர்விளைவும்

1. ஆய்வுப் பொருள்

தூரம், காத்திருப்பு, சுங்கம், டிரைவர் பேட்டா ஆகிய நான்கையும் லாரி வாடகை பில்லில் தனித்தனி வரிகளாக எழுதினாலும் அவை ஒன்றையொன்று பாதிக்கின்றன. காத்திருப்பு நீண்டால் சுங்கம், பேட்டா ஆகிய இரண்டு வரிகளும் கூடுகின்றன. அந்தக் கூடுதல் யார் கணக்கில் சேர வேண்டும் என்பதே இங்கே ஆராயப்படுகிறது.

2. ஒரு நடை

திருப்பூரிலிருந்து தூத்துக்குடிக் கிடங்குக்குச் சரக்கு ஏற்றிப்போய் வெறும் வண்டியாகத் திரும்பும் ஒரு நடையைக் கொள்வோம். போகவர 640 கி.மீ.; கி.மீ.க்கு 40 ரூபாய் என்று பேசியிருந்தால் தூர வரி 25,600 ரூபாய். இறக்க 6 மணி நேரம் இலவசம். அதற்குமேல் மணிக்கு 200 ரூபாய். பேட்டா 24 மணி நேரத்துக்கு 600 ரூபாய். மிச்ச நேரமும் ஒரு நாளாகவே கணக்காகும். (இவை விளக்கத்துக்கான விகிதங்கள்.)

இரவு 10 மணிக்குப் புறப்பட்ட வண்டி காலை 6 மணிக்குக் கிடங்கு வாசலை அடைகிறது. வெளியே வரும்போது இரவு 10 மணி. மொத்தம் 16 மணி நேரம்; இலவச நேரம் போக 10 மணி நேரத்துக்குக் காத்திருப்பு 2,000 ரூபாய்.

நண்பகலிலேயே விட்டிருந்தால் வண்டி 24 மணி நேரத்துக்குள் ஊர் திரும்பியிருக்கும். ஒரு நாள் பேட்டா போதும். இப்போது இரண்டு நாள், 1,200 ரூபாய். சுங்கமும் மாறுகிறது. 24 மணி நேரத்துக்குள் அதே சாவடி வழியே திரும்பினால் இரு முறைக்கும் சேர்த்து ஒன்றரை மடங்குதான் கட்டணம். தூத்துக்குடிக்கு அருகிலுள்ள புதூர்ப் பாண்டியாபுரத்தில் அந்தச் சலுகை கிடைத்துவிடும். முதல் இரவு ஒன்றரை மணிக்குக் கடந்த கொடைரோடு சாவடிக்கு மறுநாள் இரண்டரை மணிக்கு வந்தால் முழுக்கட்டணம். பாஸ்டாக் அறிக்கையின் நேரப் பதிவு இதை அப்படியே காட்டும்.

இரண்டாம் நாள் பேட்டாவைக் கேட்பது நியாயம்தான். ஆனால் மணிக்கு 200 ரூபாய் என்பதில் டிரைவரின் செலவும் அடக்கம் என்றால், அது ஒரே செலவை இருமுறை வாங்குவதாகும். எனவே வாடகை பேசும்போதே ‘காத்திருப்பு வண்டிக்கு மட்டும்’ என்று எழுதிக்கொள்ள வேண்டும்.

3. சான்று

தகராறு பெரும்பாலும் தொடக்க நேரத்தில்தான் எழுகிறது. வாசலுக்கு வெளியே வரிசையில் நின்ற நேரத்தைக் கிடங்கின் பதிவேடு காட்டாது. உள்ளே நுழைந்த நேரமே அதில் இருக்கும். வந்து நின்றவுடன் லாரி ரசீதின் நகலில் காவலாளியிடம் நேரமும் கையெழுத்தும் வாங்குவது நல்லது. அவர் மறுத்தால் சரக்கு அனுப்பியவருக்கு உடனே வாட்ஸ்அப் செய்தி அனுப்பி, ஜிபிஎஸ் அறிக்கையையும் பில்லோடு சேர்க்கலாம். இறக்கி முடித்தபின் வாங்கும் முத்திரை, வெளியேறிய நேரத்துக்கு மட்டுமே சான்றாகும்.

4. ஜிஎஸ்டி

சுங்கத்தைத் தனி வரியாக எழுதினால் அதற்கு ஜிஎஸ்டி வராது என்று பலர் எண்ணுகிறார்கள். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, சேவை தருபவர் வசூலிக்கும் உபசெலவுகளும் சேவை மதிப்பில் சேரும். வாடிக்கையாளரின் முகவராக, அவர் அதிகாரம் தந்தபடி, செலுத்திய தொகையை மட்டும் வாங்கினால் 33ஆம் விதி விலக்கு அளிக்கிறது. அந்த அதிகாரம் வாடகை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பில்லில் ஒரு வரி கூட்டுவது அதற்கு ஈடாகாது.