வெற்றி வேடமிட்ட தோல்வி: ஸ்லாட் இயந்திரத்தின் திரையும் கணக்கும்

ஸ்லாட் இயந்திரத்தில் ஒவ்வொரு சுழற்சியின் முடிவையும் தீர்மானிப்பது உள்ளிருக்கும் ஒரு தற்செயல் எண். ஆட்டக்காரர் காண்பதும் கேட்பதும் அந்த முடிவுக்கு வடிவமைப்பாளர் போர்த்திய காட்சியைத்தான். எண் நேர்மையாக இருக்கும்போதே காட்சி பொய் சொல்ல முடியும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் பல வரி ஆட்டத்தைப் பார்ப்போம். 20 வரிகள், வரிக்கு 1 கிரெடிட் என்று ஒருவர் ஆடுகிறார், கையிருப்பு 500. பொத்தானை அழுத்தியதும் அது 480 ஆகிறது. ஒரு வரியில் மட்டும் சின்னங்கள் பொருந்தி 8 கிரெடிட் கிடைக்கிறது. விளக்குகள் மின்ன, இசை முழங்க, திரையில் ‘வெற்றி 8’ என்று எண் ஏறுகிறது. கையிருப்போ 488. நட்டம் 12; கொண்டாட்டம் 8-க்கு.

தோல்வி போட்ட இந்த வெற்றி வேடம் உடலையும் ஏமாற்றுகிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் மைக் டிக்சன், கெவின் ஹாரிகன் குழுவினர் ஆடுவோரின் தோலில் மின்கடத்துதிறன் மாறுவதை அளந்து, 2010-இல் முடிவுகளை வெளியிட்டனர். வேடமிட்ட தோல்விக்கு உடல் காட்டிய கிளர்ச்சி, உண்மை வெற்றிக்குக் காட்டியதை ஒத்திருந்தது. டிக்சன் குழுவின் பின்னாளைய ஆய்வில், இத்தகைய சுழற்சிகளுக்குத் தோல்வி ஒலியைப் பொருத்தியபோது, அவை தோல்விகளே என்பதை ஆடியவர்கள் மேலும் சரியாக இனங்கண்டனர். மாறியது ஒலி மட்டுமே.

நூலிழையில் நழுவும் பரிசும் இதே வகைதான். உருளையில் கண்ணுக்குத் தெரியும் இடங்கள் 22 என்றால், மூன்று உருளைகளிலும் பெரும்பரிசுச் சின்னம் விழ 10,648-இல் ஒரு வாய்ப்பு இருப்பதாகத் தோன்றும். 1984-இல் இங்கெ டெல்னஸ் என்பவர் காப்புரிமை பெற்ற முறையில், கணினி வேறொரு கற்பனை உருளையிலிருந்து இடத்தைத் தேர்கிறது. அதில் 64 இடங்கள் இருந்து, பெரும்பரிசுக்கு ஒன்று மட்டும் ஒதுக்கப்பட்டால் வாய்ப்பு 2,62,144-இல் ஒன்றாகச் சுருங்கும். பரிசுச் சின்னத்துக்கு மேலும் கீழும் உள்ள வெற்றிடங்களுக்குத் தலா 6 இடங்கள் கொடுத்தால், அச்சின்னம் வரியில் நிற்பதைவிட 12 மடங்கு அடிக்கடி வரியை ஒட்டி நிற்கும். சாதாரண உருளையில் இது 2 மடங்குதான். ‘இன்னும் கொஞ்சம்தான்’ என்ற எண்ணத்துக்கு ஆதாரமே இல்லை. ஒரு சுழற்சி அடுத்ததைப் பாதிப்பதில்லை.

கொண்டாட்டம் வெறும் பொழுதுபோக்கு, கணக்கு திரையிலேயே இருக்கிறது என்று வாதிடலாம். ஆனால் கணக்கு ஓரத்தில் சிறிய எண்ணாக இருக்கிறது; பொய்யோ நடுத்திரையில் இசையோடு வருகிறது. பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் பொழுதுபோக்கு என்ற அந்த வாதத்தை ஏற்கவில்லை. பந்தயத்துக்குச் சமமாகவோ குறைவாகவோ திரும்பும் தொகையை வெற்றிபோலக் கொண்டாடுவது 2021 அக்டோபர் 31 முதல் அங்கு இணைய ஸ்லாட்டுகளில் தடை செய்யப்பட்டுள்ளது.

ஆடுபவர் ஒலியை அணைத்துவிட்டு, பொத்தானை அழுத்துமுன் இருந்த கையிருப்பை, சுழற்சி முடிந்தபின் இருப்பதோடு ஒப்பிட வேண்டும். எண் குறைந்திருந்தால், திரை என்ன சொன்னாலும் அது தோல்வியே.