செயற்பாட்டு ஆய்வுப் பரீட்சைக்கு ஏழு நாட்கள்

முகாமைத்துவ பீடத்தில் இரண்டாம் வருடம் படிக்கும் என் தங்கைக்கு 'ஒப்பரேஷன்ஸ் ரிசேர்ச்' பரீட்சைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. உயர்தரம் வரை தமிழில் படித்தவள், இதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். நான் ஊடகக் கற்கை படித்தவன் என்றாலும், அந்த ஏழு நாட்களும் அவளோடு இருந்து கணக்குகளைச் செய்து பார்த்தேன். அப்போது நாங்கள் போட்ட திட்டத்தை, இதே பாடத்தோடு மல்லுக்கட்டும் வேறு பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

முதல் நாள் கணக்குச் செய்யவே இல்லை. கடந்தகால வினாத்தாள்களில் இருந்த வசனக் கணக்குகளைச் சமனிலிகளாக மாற்ற மட்டும் பழகினோம். 'அட் லீஸ்ட்' என்றால் ≥, 'நொட் மோர் தான்' என்றால் ≤. இதைவிடச் சிக்கலானவை விகித வசனங்கள். ஒவ்வொரு மேசைக்கும் குறைந்தது நான்கு கதிரைகள் வேண்டும் என்றால், மேசை x, கதிரை y என வைத்து, 4y ≥ x என்று எழுதுபவர்கள் அதிகம். சரியானது y ≥ 4x. ஒரு மேசை, ஒரு கதிரை என்று போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பிழையான சமனிலி அதை ஏற்கும், சரியானது ஏற்காது.

இரண்டாம், மூன்றாம் நாட்கள் வரைபு முறைக்கும் சிம்ப்ளெக்ஸுக்கும். சிம்ப்ளெக்ஸ் முறையை 1947இல் ஜோர்ஜ் டான்ட்சிக் கண்டுபிடித்தது அமெரிக்க விமானப்படையின் திட்டமிடல் வேலையில் இருந்தபோதுதான். யுத்தத்தின் கணக்கு, இப்போது எங்கள் பிள்ளைகளின் மேசையில் கிடக்கிறது. அட்டவணையில் வலப்பக்கப் பெறுமானம் ஒன்று மறையாக வந்தால், பெரும்பாலும் மிகச்சிறிய விகிதமுள்ள நிரையைத் தெரிவுசெய்யவில்லை என்று அர்த்தம். அந்த இடத்திலேயே நிறுத்தித் திரும்பிப் பார்க்க வேண்டும்.

நான்காம், ஐந்தாம் நாட்களைப் போக்குவரத்துக் கணக்குக்குக் கொடுத்தோம். தங்கை ஒவ்வொரு முறையும் இடையில் நின்றுபோனது இங்கேதான். ஒரு கணக்கை முழுதாகச் சொல்கிறேன்.

முதலாம் களஞ்சியத்தில் 40 மூட்டை அரிசி, இரண்டாவதில் 60. மூன்று கிராமங்களுக்கு முறையே 40, 35, 25 மூட்டை தேவை. முதலாம் களஞ்சியத்திலிருந்து மூட்டைக்கான கூலி 6, 4, 9 ரூபா. இரண்டாவதிலிருந்து 5, 8, 7 ரூபா.

வடமேற்கு மூலை முறைப்படி முதற் கட்டத்தில் 40ஐப் போட்டால், முதலாம் களஞ்சியமும் தீர்கிறது, முதலாம் கிராமத்தின் தேவையும் தீர்கிறது. மீதி 35உம் 25உம் இரண்டாம் களஞ்சியத்திலிருந்து போகும். செலவு 240 + 280 + 175 = 695 ரூபா.

அடுத்து, இது மிகக் குறைந்த செலவா என்று u, v பெறுமானங்களால் சோதிக்க வேண்டும். நிரப்பிய கட்டங்களில் u + v = கூலி. u1 = 0 என்றால் v1 = 6. அதோடு கணக்கு நின்றுவிடுகிறது, u2ஐக் காண வழியில்லை. காரணம், நிரை 2, நிரல் 3 உள்ள அட்டவணையில் 2 + 3 − 1 = 4 கட்டங்கள் நிரம்பியிருக்க வேண்டும். இங்கே மூன்றுதான் இருக்கின்றன. இதைத்தான் 'டீஜெனரசி' என்கிறார்கள். பலர் இந்த இடத்தில் கூட்டலைப் பிழை என நினைத்து எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார்கள். கூட்டலில் பிழையே இல்லை.

வெறுங்கட்டம் ஒன்றில் ε என்ற பூச்சியத்துக்குச் சமமான அளவைப் போட்டால் போதும். இரண்டாம் களஞ்சியம் – முதலாம் கிராமக் கட்டத்தில் போட்டோம். உடனே u2 = −1, v2 = 9, v3 = 8. இனி வெறுங்கட்டங்களில் கூலியிலிருந்து u + v ஐக் கழிக்க வேண்டும். முதலாம் களஞ்சியம் – இரண்டாம் கிராமத்துக்கு 4 − 9 = −5. அதாவது அந்த வழியில் போகும் ஒவ்வொரு மூட்டைக்கும் 5 ரூபா மிச்சம். வளையம் போட்டால் 35 மூட்டையை மாற்றலாம். 35 × 5 = 175 குறைந்து, செலவு 520 ரூபா. இப்போது முதலாம் களஞ்சியம் முதலிரு கிராமங்களுக்கும் 5, 35 அனுப்புகிறது. இரண்டாவது, முதலாம் கிராமத்துக்கு 35உம் மூன்றாவதுக்கு 25உம் அனுப்புகிறது. நான்கு கட்டங்கள் நிரம்பி ε தானாக மறைந்துவிட்டது. மறுபடி சோதித்தால் மிச்சமுள்ள இரண்டு வெறுங்கட்டங்களிலும் 5உம் 1உம் வரும். மறை எண் இல்லை என்பதால் இதுவே விடை.

பெரிய அட்டவணையில் ε ஐ விரும்பிய கட்டத்தில் போட முடியாது. ஏற்கெனவே நிரம்பிய கட்டங்களோடு சேர்ந்து அது மூடிய வளையமாகிவிட்டால், u, v மறுபடியும் நின்றுவிடும். வேறு கட்டம் பார்க்க வேண்டியதுதான்.

ஆறாம் நாள் வேலை ஒதுக்கீடும் வலையமைப்பும். இலாபத்தைக் கூட்டச் சொல்லும் ஒதுக்கீட்டுக் கணக்கில், ஆகப்பெரிய எண்ணிலிருந்து எல்லாவற்றையும் கழித்துத் தொடங்கி, கடைசியில் இலாபத்தை மூல அட்டவணையிலிருந்து கூட்ட வேண்டும். வலையமைப்பில் பின்னோக்கி வரும்போது தொடக்கப் புள்ளியில் பூச்சியம் வராவிட்டால், எங்கோ கழித்தல் பிழைத்திருக்கிறது.

ஏழாம் நாள் காலையில் மணிக்கூட்டை வைத்து ஒரு முழு வினாத்தாள். பின்னேரம் பிழைத்தவற்றை மட்டும் திருத்தினாள். இரவு பத்து மணிக்கு நான் விளக்கை அணைத்துவிட்டேன்.