திறந்து பல மாதங்களான சோயா சாஸ், வினிகர், மிளகாய் சாஸ்: எது கெடும்?

ஃபிரைடு ரைஸ், நூடுல்ஸ் செய்வதற்காக வாங்கப்படும் சோயா சாஸ், வினிகர், மிளகாய் சாஸ் பாட்டில்கள் பல வீடுகளில் ஓரிரு முறை பயன்படுத்தப்பட்ட பின்னர் அலமாரியிலேயே மாதக்கணக்கில் இருந்துவிடுகின்றன. இவை உடலுக்குத் தீங்கு விளைவிக்குமா என்பதை, திறந்து எவ்வளவு காலமாயிற்று என்பதைவிட அவற்றிலுள்ள அமிலமும் உப்புமே தீர்மானிக்கின்றன.

இந்திய விதிகளின்படி வினிகரில் குறைந்தது 3.75 சதவீத அசிட்டிக் அமிலம் இருக்க வேண்டும். இந்த அமிலத்தில் நோய்க்கிருமிகள் பெருக முடியாது. எனவே, மூடி வைத்த வினிகர் ஆண்டுக்கணக்கில் பாதுகாப்பாக இருக்கும். பழங்களிலிருந்து நொதித்துத் தயாரிக்கப்படும் வினிகரில் சில வேளைகளில் மிதக்கும் வழவழப்பான படலம், வினிகரை உருவாக்கும் அதே பாக்டீரியாவால் தோன்றுவது. அதை வடிகட்டிவிட்டுப் பயன்படுத்தலாம்.

நொதித்துத் தயாரித்த சோயா சாஸில் சுமார் 16 சதவீதம் உப்பு உண்டு. அலமாரியில் வைத்தால் காற்று பட்டு நிறம் கறுத்து மணம் குறையுமே தவிர, எளிதில் நஞ்சாகாது. வெப்பமான சமையலறைகளில் அதன் மேற்பரப்பில் வெண்படலம் தோன்றலாம். இது பெரும்பாலும் உப்பைத் தாங்கும் ஈஸ்ட் வகையாகும். இதனால் சுவை கெட்டுவிடுவதால் அந்த பாட்டிலை அகற்றிவிடுவதே நல்லது. உப்பு குறைக்கப்பட்ட சோயா சாஸைத் திறந்தது முதல் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும்.

மிளகாய் சாஸ்களில் வேறுபாடு உண்டு. மிளகாய், வினிகர், உப்பு மட்டும் சேர்ந்த நீர்த்த வகை நீண்ட காலம் தாங்கும். சர்க்கரை, பூண்டு, மாவுப்பொருள் சேர்ந்த கெட்டியான வகையில், குறிப்பாக மூடியின் விளிம்பில் உலர்ந்த இடத்தில், பூஞ்சை பிடிக்கலாம். பூஞ்சை தெரிந்தால் அந்தப் பகுதியை மட்டும் நீக்காமல் முழு பாட்டிலையும் அப்புறப்படுத்த வேண்டும்.

இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் நீர் கலப்பதால்தான் குலைகிறது. பாட்டிலின் அடியில் எஞ்சிய 50 மில்லி சோயா சாஸில் சுமார் 8 கிராம் உப்பு இருக்கும். அதனுடன் 50 மில்லி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தால் உப்பின் அளவு 8 சதவீதமாகப் பாதியாகிவிடும். வினிகரில் பச்சை மிளகாயை நறுக்கிப் போடும்போதும் இதுவே நிகழ்கிறது. மிளகாயின் பெரும்பகுதி நீர் என்பதால், 100 மில்லி வினிகரில் 100 கிராம் மிளகாய் ஊறினால் அமிலம் ஏறத்தாழ பாதியாகும். இத்தகைய கலவைகளைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சில நாள்களில் தீர்த்துவிட வேண்டும். ஈரக்கரண்டியை பாட்டிலுக்குள் விடுவதையும் தவிர்க்க வேண்டும்.

பூண்டை எண்ணெயில் ஊறவைத்து வீட்டில் தயாரிக்கும் மிளகாய் எண்ணெய்க்கு மேற்கூறியவை பொருந்தா. அதில் போதிய அமிலமோ உப்போ இல்லாததாலும், எண்ணெய் காற்றைத் தடுப்பதாலும் பொட்டுலிசம் நோயை உண்டாக்கும் பாக்டீரியா நஞ்சைச் சுரக்கக்கூடும். அந்த நஞ்சு மணத்திலோ சுவையிலோ தெரியாது. எனவே, அலமாரியில் இருந்த அத்தகைய எண்ணெயைச் சுவைத்துப் பார்க்காமலேயே கொட்டிவிட வேண்டும்.