நிலை அலை வரைபடம்: சரிபார்த்தல்

இரு முனையும் கட்டப்பட்ட 120 செ.மீ. கம்பி மூன்று கண்ணிகளாக அதிர்வதைக் கையால் வரைந்தால், முதலில் முனைகளைப் பார்க்க வேண்டும். அவை அசையாதவை, அங்கே கணுக்களே இருக்க முடியும். ஆகவே கணுக்கள் நான்கு, அவற்றின் நடுவே எதிர்க்கணுக்கள் மூன்று.

அதிகம் தவறுவது அலைநீளத்தில்தான். ஒரு கண்ணியின் நீளமான 40 செ.மீ.யையே பலர் அலைநீளம் எனக் குறித்துவிடுகிறார்கள். அடுத்தடுத்த கணுக்களின் இடைவெளி அரை அலைநீளமே. சரியான விடை 80 செ.மீ. ஐயம் வந்தால் கம்பியின் ஒரு கணத் தோற்றத்தை மட்டும் தனிக்கோடாக வரைந்தால், ஒரு முகடும் ஓர் அகடும் சேர்ந்த நீளம் தெளிவாகும்.

எதிர்க்கணுவின் வீச்சை நடுக்கோட்டிலிருந்து அளக்க வேண்டும். கண்ணியின் முழு அகலம் 6 செ.மீ. என்றால் வீச்சு 3 செ.மீ. முன்னேறும் குறுக்கலைப் படத்தில் கோடு நடுக்கோட்டை வெட்டும் புள்ளிகளைக் கணு என்று குறிப்பது பிழை. அப்புள்ளிகளும் அடுத்த கணம் அசையும்.