இரவுச் சலுகையா, காலை உச்சநேரமா? செங்கல்பட்டுக் கடற்கரையில் வெந்நீர்ச் சுமையை இடம்பெயர்த்தல்

மின்சாரம் மலிவாக இருக்கும் நேரத்தில் தண்ணீரைச் சுட வைத்துச் சேமித்து, விலை ஏறும் நேரத்தில் அதை எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற யோசனை எளிமையானது. அதை நிறைவேற்றும் கருவியும் எளிமையானதே: ஒரு டைமர், ஒரு கான்டாக்டர், வெப்பக் காப்பு நன்றாக உள்ள ஒரு தொட்டி. ஆயினும் இந்த யோசனை எந்தக் கட்டண அமைப்புக்குள் செயல்படுகிறது என்று பார்க்காமல் கருவியை மட்டும் வாங்குபவர்கள் ஏமாந்துபோகிறார்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் ஓடிய மொத்த யூனிட்டே கணக்கு. அது விடியற்காலையில் ஓடியதா, மாலையில் ஓடியதா என்று கட்டண விகிதம் கேட்பதில்லை. எனவே மாமல்லபுரத்தில் ஒரு வீட்டின் கீசரை நள்ளிரவுக்கு மாற்றினால் ஒரு பைசாவும் மிச்சமில்லை. மாறாக, சூடான நீர் காலைவரை தொட்டியில் நின்று இழக்கும் வெப்பத்துக்காகக் கூடுதல் யூனிட் ஓடும். 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்கு அதற்குக் கீழுள்ள யூனிட்டுகளின் மலிவு விகிதத்தில் ஒரு பகுதியும் பறிபோகிறது என்பதால், விளிம்பில் நிற்கும் குடும்பத்துக்கு அந்த இழப்பு சிறியதன்று. அத்தகைய வீட்டுக்குப் பொருத்தமான டைமர், குளிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு கீசரைப் போட்டு, சுட்டதும் அணைப்பதுதான்.

நேரத்துக்கு விலை உண்டென்பது உயரழுத்த இணைப்புகளின் உலகம். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2022 செப்டம்பரில் பிறப்பித்த கட்டண ஆணையின்படி, உயரழுத்தத் தொழிற்சாலைகளுக்குக் காலை 6.30 முதல் 10.30 வரையும் மாலை 6 முதல் 10 வரையும் உச்சநேரம். அப்போது ஓடும் யூனிட்டுக்கு 25 விழுக்காடு கூடுதல் கட்டணம். இரவு 10 முதல் காலை 5 வரை 5 விழுக்காடு தள்ளுபடி. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரமே இக்கட்டுரையின் வாதம். இங்கே ஆதாயம் இரவுக்குள் நுழைவதில் இல்லை, காலை உச்சநேரத்திலிருந்து வெளியேறுவதில்தான் இருக்கிறது. இரவுத் தள்ளுபடியை மட்டும் துரத்தும் தானியங்கி ஏற்பாடு பெரும்பாலும் வீணாகிறது.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். மறைமலைநகரின் ஒரு தொழிலாளர் விடுதியோ கடற்கரையின் ஓர் உல்லாச விடுதியோ, உச்சநேர யூனிட் தனியே எண்ணப்படும் இணைப்பில் 3,000 லிட்டர் தொட்டி வைத்திருப்பதாகக் கொள்வோம். 28 டிகிரியில் வரும் நீரை 60 டிகிரிக்கு உயர்த்த ஏறத்தாழ 112 யூனிட் வேண்டும். அதைத் தண்ணீரோடு கலந்து 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால் 8,000 லிட்டர் கிடைக்கும்; ஆளுக்கு 40 லிட்டர் என்றால் இருநூறு பேர் குளிக்கலாம். இதே நீரைக் காலை உச்சநேரத்தில் சுட வைத்தால் சாதாரண விலையில் 140 யூனிட்டுக்கு ஈடான தொகை ஆகும். இரவில் சுட வைத்தால் 106 யூனிட்டுக்கு ஈடான தொகையே ஆகும். வேறுபாடு நாளொன்றுக்கு 34 யூனிட்டின் விலை, அதாவது உச்சநேரச் செலவில் கால் பங்குக்குச் சற்றே குறைவு. இப்போது இழப்பைச் சேர்ப்போம். இத்தொட்டியின் நீர் ஒரு டிகிரி ஆறினால் மூன்றரை யூனிட் போயிற்று. சாதாரண நேரத்திலிருந்து இரவுக்கு மாற்றுபவர் பெறும் 5 விழுக்காட்டை, ஒன்றே முக்கால் டிகிரி ஆறுதலே தின்றுவிடும். உச்சநேரத்திலிருந்து தப்பிப்பவருக்கோ பத்து டிகிரி ஆறினால்தான் கணக்கு சமமாகும். வேறு ஆய்வேதும் தேவையில்லை. சூடேற்றி முடித்த பின்னும் முதல் குழாய் திறக்கும் முன்னும் ஒரு வெப்பமானியைப் பார்த்தால் தொட்டி எந்தப் பக்கம் நிற்கிறதென்று தெரிந்துவிடும்.

இந்தக் கணக்கிலிருந்தே டைமரை எப்படி வைப்பது என்பதும் பிறக்கிறது. இரவு 10 மணிக்குச் சலுகை தொடங்குவதால் அப்போதே ஹீட்டரைப் போடுவது பரவலான தவறு. நீர் விடியலுக்கு வெகு முன்பே சூடாகி, அதுவரை வீணே ஆறிக்கொண்டிருக்கும். 5 மணியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். 24 கிலோவாட் ஹீட்டர் 112 யூனிட்டை ஏற்ற ஏறத்தாழ 4 மணி 40 நிமிடம் எடுக்கும், எனவே 12.20க்குத் தொடங்கினால் போதும். இன்னொரு தவறு இதைவிடப் பெரியது. இரவில் போட டைமர் வைத்துவிட்டு, பகலில் அணைக்க வைக்காமல் விடுகிறார்கள். காலையில் குளியல் தொடங்கியதும் தொட்டியின் அடியில் குளிர்ந்த நீர் நுழைகிறது, தெர்மோஸ்டாட் தன் கடமையைச் செய்கிறது, ஹீட்டர் சரியாக உச்சநேரத்தில் ஓடுகிறது. 6.30 முதல் 10.30 வரை தெர்மோஸ்டாட்டின் சொல்லையும் மீறிக் கான்டாக்டர் திறந்தே இருக்க வேண்டும். இது நடக்கிறதா என்று அறிய மின் கட்டணப் பட்டியலில் உச்சநேர யூனிட் குறைந்திருக்கிறதா என்று பார்த்தாலே போதும். மொத்த யூனிட் குறையாது; அதை எதிர்பார்க்கவும் கூடாது. பல ஹீட்டர்கள் உள்ள இடத்தில் எல்லாவற்றையும் ஒரே நிமிடத்தில் இயக்கினால் உச்சத் தேவை கேவிஏ உயர்ந்து, யூனிட்டில் மிச்சமானது தேவைக் கட்டணத்தில் போய்விடும். அவற்றைத் தவணையாக இயக்குவது அவசியம்.

இழப்பைக் குறைக்க நீரை 45 டிகிரியில் வைத்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். கூடாது. வெதுவெதுப்பில் நெடுநேரம் நிற்கும் நீர் லெஜியோனெல்லா கிருமிக்கு ஏற்ற இடம். 60 டிகிரி அதற்காகவே வகுக்கப்பட்டது. சூரிய வெந்நீர் அமைப்பும் வெப்ப பம்பும் இருக்கும்போது இந்த உழைப்பு எதற்கு என்பது வலுவான மறுப்பு. வெப்ப பம்பு இதே நீரை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் சுட வைக்கும் என்பதால் முதலில் செய்ய வேண்டியது அதுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வடகிழக்குப் பருவமழையின் மேகமூட்டமான நாட்களில் சூரியத் தொட்டியின் துணைக் காயிலை இயக்குவது தெர்மோஸ்டாட்டே. அது கடிகாரம் பார்க்காது. ஆகவே அந்த அமைப்பிலும் உச்சநேரத் தடை வேண்டும்.

எல்லாப் பெரிய சுமையையும் இப்படி நகர்த்தலாம் என்று இதனால் பொருளில்லை. இதே கடற்கரையில் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இயங்குகின்றன. 2013இல் திறந்தது நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், 2024இல் திறந்தது 15 கோடி லிட்டர். சுமையைப் பொறுத்தவரை விடுதியின் தொட்டி அவற்றின் முன் தூசு. ஆயினும் சவ்வூடு பரவல் ஆலை தொடர்ந்து ஓடவே வடிவமைக்கப்படுகிறது. தினமும் எட்டு மணி நேரம் நிறுத்தினால் சவ்வுகளைக் கழுவும் வேலையும், சும்மா நிற்கும் முதலீடும், குறையும் குடிநீரும் சேர்ந்து மிச்சத்தை விழுங்கும். சுமையின் எடையைவிட, அதன் பயனைச் சேமித்து வைக்க முடியுமா, கருவிக்கு ஓய்வு நேரம் உண்டா என்பனவே தீர்மானிக்கின்றன. வெந்நீர்த் தொட்டியில் இரண்டும் உள்ளன.

கட்டணமே மாறப்போகும் திசையையும் கருத வேண்டும். மத்திய அரசு 2023 ஜூன் 14 அன்று திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகள், சூரிய ஒளி நேரத்துக் கட்டணம் சாதாரணக் கட்டணத்தைவிடக் குறைந்தது 20 விழுக்காடு தாழ்ந்திருக்க வேண்டும் என்கின்றன. பகலில் சூரிய மின்சாரம் மிகும் மாநிலத்தில் இது நியாயமானது. இரவின் 5 விழுக்காடு, சூரிய மின்சாரம் இல்லாத பழைய காலத்தின் எச்சம். அந்த விகிதம் கட்டணப் பட்டியலுக்கு வரும்போது, உச்சநேரத் தடையை அப்படியே வைத்துக்கொண்டு சூடேற்றும் நேரத்தை மட்டும் நள்ளிரவிலிருந்து நண்பகலுக்கு நகர்த்த வேண்டியிருக்கும். நண்பகலில் சுட்ட நீர் மறுநாள் காலைவரை நிற்க வேண்டும் என்பதால் தொட்டியின் காப்பு இன்னும் தடிப்பாக வேண்டும். ஆகவே இன்று தொட்டி வாங்கும் விடுதி உரிமையாளர்கள் டைமரின் விலையைப் பேரம் பேசுவதை விட்டு, காப்பின் தடிமனைக் கேட்டு வாங்க வேண்டுகிறேன்.